வெளிநாட்டில் கல்யாணம் பண்ணிக்கொள்ளும் சித்தி மகளுக்கு: கிஃப்ட் கார்டில் நாலு வரி எழுதுவது எப்படி

நம்ம பக்கத்துக் கல்யாணங்களில் எழுத்து வேலை ரொம்பக் குறைவு. மொய்க் கவரின் மேல் பேர், ஊர். மொய் எழுதுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்த்து "எந்த ஊருங்க?" என்று கேட்பார், சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடலாம். மற்றதையெல்லாம் மண்டபத்தில் நேரில் நின்று, கையைப் பிடித்து, "நல்லாருங்க சாமி" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அதனால்தான் மெல்போர்னிலோ டல்லாஸிலோ கல்யாணம் நடக்கும்போது, ஆன்லைனில் கிஃப்ட் கார்டு வாங்கி, பணம் கட்டும் முன்பு "உங்கள் செய்தி" என்று ஒரு வெற்றுப் பெட்டி வந்து நின்றால் நமக்குக் கை ஓடாது. கடைசியில் "இனிய திருமண நல்வாழ்த்துக்கள்" என்று தட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அதே வரியை அவளுடைய ஆபீஸில் கூட வேலை செய்கிறவரும் எழுதியிருப்பார்.

போன தை மாதம் எனக்கும் இதுதான் நடந்தது. சித்தி மகள் மெல்போர்னில் இருக்கிறாள். மாப்பிள்ளை மலையாளிப் பையன். கல்யாணம் அங்கேயே. எங்கள் வீட்டில் யாருக்கும் போக முடியவில்லை. அந்த நாலு வரியை எழுத எனக்கு மூன்று ராத்திரி ஆனது. உங்களுக்கு அரை மணி நேரத்தில் முடியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் முறையைப் பாருங்கள்

'கசின்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் கார்டில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. சித்தி மகள், பெரியப்பா மகள் என்றால் உங்களுக்கு அக்கா தங்கச்சி. கட்டிக்கப் போகிறவர் மாப்பிள்ளை. மாமன் மகள், அத்தை மகள் என்றால் கதை வேறு. அவளைக் கட்டுகிறவர் உங்களுக்கு அண்ணன் தம்பி முறை ஆகிவிடுவார். அவரைப் போய் 'மாப்பிள்ளை' என்று எழுதினால் ஊரில் ஒரு பெரியம்மா கண்டிப்பாகக் கண்டுபிடிப்பார்.

முறை தெரிந்தால்தான் எப்படிச் சீண்டலாம் என்பதும் தெரியும். மாமன் மகளைப் பார்த்து, "என்னைய விட்டுப்போட்டு எங்கியோ போயிட்டியே" என்று சொல்வது மண்டபத்தில் எல்லோரும் சிரிக்கிற பேச்சு. முறைப்பெண் என்றால் அப்படித்தான். அதையே கார்டில் எழுதினால், அந்த முறையே தெரியாத ஒருவர் அதை மொழிபெயர்த்துக் கேட்கப் போகிறார். அவருக்கு அது பழைய காதல் கடிதம் மாதிரி இருக்கும். முறைகாரர்கள் இந்த ஒரு நையாண்டியைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் கூப்பிடுவது என்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம். சின்ன வயசில் எப்படிக் கூப்பிட்டீர்களோ அப்படியே. எங்கள் வீட்டில் அவள் 'அம்மிணி'. பாஸ்போர்ட்டில் இருக்கும் அழகான பேரை நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கார்டில் அந்தப் பேரைப் போட்டிருந்தால் வேறு யாரோ அனுப்பியது என்றே நினைத்திருப்பாள்.

ஒரே ஒரு நினைவு

கார்டில் உயிர் இருப்பது இந்த இடத்தில்தான். உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு காரியம் வேண்டும். ஒன்று போதும், இரண்டு வைத்தால் கட்டுரை ஆகிவிடும். ஒரு தாளை எடுத்து, யோசிக்காமல், அவளைப் பற்றி ஞாபகம் வருகிற காட்சிகளை மளமளவென்று எழுதுங்கள். "பாசமானவள்", "சுட்டிப்பெண்" என்று குணத்தை எழுத வேண்டாம், கண்ணில் தெரிகிற காட்சியாக இருக்க வேண்டும். எனக்கு மூன்று வந்தன.

முதலாவது, கோபிக்குப் பக்கத்தில், அம்மாவைப் பெற்ற அமுச்சியின் ஊரில் நடந்தது. கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்காலில் அவளுடைய ஒத்தைச் செருப்பு போய்விட்டது. அடுத்த மதகு வரைக்கும் கரையோரமாகவே ஓடினோம், பிடிக்க முடியவில்லை. நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று அமுச்சியிடம் இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னோம். இதைத்தான் எழுத வேண்டும் என்று முடிவே பண்ணிவிட்டேன். அம்மாவிடம் படித்துக் காட்டியதும், "கல்யாணத்துக்கு வாழ்த்து எழுதறவ செருப்பப் பத்தியா எழுதுவ?" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கார்டை அவள் மட்டும் படிக்கப் போவதில்லை. சித்தி படிப்பார், வீடியோ காலில் இங்கே இருக்கும் பெரியவர்களும் கேட்பார்கள். மங்கலமான நாளில் செருப்பு, தொலைந்துபோனது, பொய் சொன்னது என்றால் யாருக்காவது மனசு சுருங்கும். அதை விட்டுவிட்டேன்.

இரண்டாவது, அமுச்சி கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது அம்மிணி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது உண்மையான நினைவு, ஆழமானதும்கூட. ஆனால் பட்டுப்புடவையில், பத்துப் பேர் நடுவில் அதைப் படித்து அழ வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. செத்துப்போனவர்களைக் கார்டில் கொண்டுவரலாம், அவர்கள் உயிரோடு ஏதாவது செய்துகொண்டிருக்கிற மாதிரி கொண்டுவர வேண்டும்.

மூன்றாவது அப்படித்தான் வந்தது. அமுச்சி ஒப்புட்டுத் தட்டினால் ஆளுக்கு இரண்டு. அம்மிணி தன்னுடையதைக் கையில் நெய் வழிய நாலு வாயில் முடித்துவிடுவாள். அப்புறம் என் பக்கத்தில் வந்து, ஒன்றும் பேசாமல், என் தட்டையே பார்த்துக்கொண்டு உட்காருவாள். பாதி பிய்த்துக் கொடுக்கும் வரை எழுந்திருக்க மாட்டாள். இதில் அமுச்சி இருக்கிறார், இனிப்பு இருக்கிறது, பங்கு போட்டுக்கொள்வது இருக்கிறது. கல்யாணத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? இதை மலையாளத்திலோ இங்கிலீஷிலோ அவள் தன் வீட்டுக்காரருக்குச் சொன்னாலும் புரியும். அதையும் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். ஒரு பாட்டியின் பட்டப்பேரோ, ஊரில் ஒருவரின் பேச்சு வழக்கோ தெரிந்தால்தான் சிரிப்பு வரும் என்றால் அது இந்தக் கார்டுக்கு ஆகாது.

கட்டிக்கப் போகிறவருக்கு ஒரு வரி

பலர் விட்டுவிடுவது இதைத்தான். கார்டு முழுக்க நம்ம பிள்ளையைப் பற்றியே இருந்தால், கூட இருப்பவர் யாரோ போல ஆகிவிடுவார். அவரைப் பற்றி உங்களுக்கு ஒன்றுமே தெரியாதென்றால் சித்தியிடமோ அத்தையிடமோ ஒரு போன் போடுங்கள். "பையன் எப்படி?" என்று கேட்டால் "தங்கமான பையன்" என்றுதான் பதில் வரும். அதனால் "அவன் என்ன பண்ணினான்னு பாத்தீங்க?" என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டதும் சித்தி சொன்னார், அந்தப் பையன் ஒருநாள் அவரையே கூப்பிட்டு, அரிசிம்பருப்புச் சாதம் வைப்பது எப்படி என்று கேட்டு, செய்து, போட்டோ அனுப்பினானாம். தண்ணி கொஞ்சம் அதிகமாகிவிட்டது, கஞ்சி மாதிரி இருந்தது, அது வேறு விஷயம். எனக்கு வேண்டிய வரி கிடைத்துவிட்டது.

அப்புறம் சேர்த்தேன், குறைத்தேன். முதல் வரைவு இப்படி இருந்தது: "அன்புத் தங்கைக்கு, உன் திருமணச் செய்தி கேட்டு மிக்க மகிழ்ச்சி அடைந்தேன். சிறு வயதில் நாம் ஒன்றாக விளையாடிய நாட்கள் நினைவுக்கு வருகின்றன. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க." ஒரு தப்பும் இல்லை. ஆனால் இதை எழுத நான் அவளுக்கு அக்காவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 'பதினாறு' என்பது பதினாறு வகைப் பேறுகள், பதினாறு பிள்ளைகள் அல்ல என்று அங்கே யார் விளக்கிக்கொண்டு இருப்பது?

"விளையாடிய நாட்கள்" என்ற இடத்தில் ஒப்புட்டு வந்தது. "மகிழ்ச்சி அடைந்தேன்" தானாகப் போய்விட்டது. எழுத்து நடையையும் விட்டுவிட்டு, வாசலில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுதினேன். கார்டு என்பது பேச்சுதானே. கடைசியாக நின்றது இது:

"அம்மிணி, உம்பட ஒப்புட்ட முடிச்சுப்போட்டு எம்படதுல பாதி கேப்பியே, இனி அத அவருகிட்டக் கேளு. அரிசிம்பருப்பு ஆக்கப் பழகுன மனுசன், ஒப்புட்டும் தட்டிருவாரு. ரெண்டு பேரும் நல்லா இருங்க கண்ணு. – பெரியக்கா"

'உம்பட', 'எம்பட' என்று எழுதலாமா என்று ஒரு நிமிஷம் தயங்கினேன். அந்தச் சொற்களை மெல்போர்னில் அவளிடம் யார் சொல்லப் போகிறார்கள்? அதனால் அப்படியே விட்டேன். கடைசியில் பேர் போடுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எங்கள் வகையறாவில் அவளுக்கு ஆறு அக்காக்கள். வெறும் 'அக்கா' என்று போட்டால் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு பேருக்குப் போன் போடுவாள். பணம் கட்டியவர் பேர் கார்டில் தானாக வந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம், பல தளங்களில் வராது. வந்தாலும் என் வீட்டுக்காரரின் பேங்க் கார்டில் இருக்கும் பேர்தான் வரும். அவள் எப்படிக் கூப்பிடுவாளோ அதைச் செய்திக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

பெட்டிக்குள் அடங்குமா?

நான் வாங்கிய தளத்தில் செய்திக்கு 200 எழுத்துதான் இடம். நாம் எண்ணுகிற எழுத்தும் அந்தப் பெட்டி எண்ணுகிற எழுத்தும் ஒன்றல்ல. 'வாழ்த்துகள்' என்பது நமக்கு ஆறு எழுத்து. கம்ப்யூட்டருக்குப் பதினொன்று, ஏனென்றால் கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றையும் தனியாக எண்ணுகிறது. மேலே இருக்கிற என் செய்தியை நாம் எண்ணினால், இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 129 வரும். பெட்டி எண்ணியது 196. நாம் எண்ணியதோடு பாதியைச் சேர்த்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக இருக்கும். போன் நோட்ஸில் எழுதி வைத்து ஒட்டுங்கள், ஒட்டிய பிறகு கடைசி வரியைப் பாருங்கள். சில பெட்டிகள் எச்சரிக்கை எதுவும் தராமல் வாலை வெட்டிவிடும். முதலில் போவது உங்கள் பேர்தான்.

இடம் போதவில்லை என்றால் எதை வெட்டுவது? வாழ்த்தை வெட்டுங்கள், நினைவை வெட்ட வேண்டாம். "நல்லா இருங்க" ஒன்றே போதும்.

மின்னஞ்சலில் போகிற கார்டு என்றால் தமிழ் எழுத்து பெரும்பாலும் ஒழுங்காகப் போய்ச் சேரும். பூங்கொத்து, கேக் மாதிரி கடைக்காரர் அச்சடித்து வைக்கிற கார்டில்தான் வம்பு. முன்பு ஒரு தடவை வேறொரு நாட்டில் இருக்கும் மாமன் மகனுக்குப் பூ அனுப்பினேன். செய்தி இருந்த இடத்தில் இருபது முப்பது கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. "என்ன மச்சி, இத்தன கேள்வி கேக்கற?" என்று போட்டோ அனுப்பினான். கடையின் மிஷினுக்குத் தமிழ் தெரியவில்லை என்றால் இப்படிக் கேள்விக்குறியோ வெற்றுக் கட்டங்களோ வரும். ஆர்டர் உறுதியானதும் உங்களுக்கு வருகிற மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். அதிலேயே கேள்விக்குறி இருந்தால் அச்சிலும் அதுதான், உடனே கடைக்கு எழுதி மாற்றச் சொல்லுங்கள். அதில் நன்றாக இருந்தாலும் அச்சில் நன்றாக வரும் என்று உறுதி கிடையாது. படம் ஏற்ற வசதி இருந்தால் ஒரு வெள்ளைத்தாளில் கையால் எழுதி, பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அதை ஏற்றிவிடுவது நல்லது. உங்கள் கையெழுத்தும் சேர்ந்து போகும். அதற்கும் வழியில்லை என்றால் தமிழையே ஆங்கில எழுத்தில் அடிக்கலாம். ழ, ள இரண்டும் குழம்பும், ஆனால் இந்தச் செய்தியை அவள் வாய்விட்டுப் படித்தால் பிடித்துக்கொள்வாள். இதய பொம்மையெல்லாம் அச்சில் கட்டமாகத்தான் வரும், வேண்டாம்.

கார்டை வாங்குவது, அனுப்பும் நேரம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே ரூபாயில் வாங்குகிற கிஃப்ட் கார்டு அங்கே உள்ள கடையில் செல்லாது. ஒரே கம்பெனி என்றாலும் நாட்டுக்கு நாடு தளம் வேறு. அவள் இருக்கும் நாட்டின் தளத்தில், அந்த நாட்டுப் பணத்தில் வாங்குங்கள். நம்ம பேங்க் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைந்தே இருக்கும், ஆப்பில் போய் அதை முதலில் திறந்து வையுங்கள். தொகையை நாமே அடிக்கிற வசதி இருந்தால் 100 என்று போடாமல் 101 என்று போடுங்கள். ஒற்றை ரூபாய் வைக்காத மொய் நமக்கு மொய் மாதிரியே தெரியாது. டாலர் என்றாலும் அப்படித்தான்.

கல்யாணத்தன்றைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எல்லோரும் நினைப்பார்கள். அன்றைக்கு அவள் போனையே தொட மாட்டாள். நான் கல்யாணம் முடிந்து இரண்டாவது நாள் காலைக்கு வைத்தேன். உறவுக்காரர்கள் கிளம்பிப்போய் வீடு வெறிச்சென்று இருக்கும் நேரம் அது. தை மாதத்தில் மெல்போர்ன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே விடியக்காலை 3.30. தளம் கேட்கும் நேரம் எந்த ஊர் நேரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு சில ஆட்களுக்கு

பெரியப்பா மகன், அதாவது அண்ணன், அங்கே கல்யாணம் பண்ணுகிறார், நீங்கள் தங்கச்சி என்றால் உங்கள் கையில் ஏற்கனவே ஒரு நல்ல காரணம் இருக்கிறது. நம்ம கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் இணைச்சீர் செய்ய வேண்டும், கூடப் பிறந்தவள் இல்லையென்றால் பங்காளி வீட்டுத் தங்கச்சி. "அண்ணா, இணைச்சீருக்கு நான் அங்க இல்ல. சீரு பாக்கி நிக்குது. ஊருக்கு வரும்போது அண்ணியும் நீங்களும் ஒரு நாள் எனக்குன்னு வெச்சுக்குங்க." இதில் ஏக்கம் இருக்கிறது, குறை சொல்வது இல்லை. "எங்களையெல்லாம் விட்டுட்டு அங்கயே பண்ணிக்கிட்டீங்க" என்று எழுதினால் அது குறை. ஒரு சொல் மாறினால் போதும், அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

பெரிய பழக்கமே இல்லாத சித்தப்பா மகன் என்றால் பொய்யாக நெருக்கம் காட்ட வேண்டாம். பார்த்ததைச் சொல்லுங்கள். "தம்பி, உன்னைய நான் பாத்தது ரெண்டே தடவ. ரெண்டு தடவையும் எங்கப்பாவக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய்ப் பந்தியில உக்கார வெச்ச. அந்தப் பொண்ணு குடுத்து வெச்சவ." இரண்டு தடவை என்று ஒத்துக்கொள்வதால்தான் மூன்றாவது வாக்கியத்தை நம்புவான்.

எழுதக் கூடாதவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன். "சீக்கிரமா குட்டிப் பாப்பா செய்தி சொல்லு", "இனி சமையல் கத்துக்கோ", "எப்ப ஊருக்கு வருவே". மூன்றும் பிரியத்தில்தான் வருகின்றன. மூன்றையும் ஏற்கனவே பத்துப் பேர் அவளிடம் சொல்லியிருப்பார்கள்.

அனுப்பி இரண்டு நாள் ஆகியும் பதில் இல்லை. எனக்குக் கொஞ்சம் முகம் வாடியது, ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் சித்தியிடம் சொல்லி, மெயிலில் ஸ்பாம் பெட்டியைப் பார்க்கச் சொன்னேன். அங்கேதான் கிடந்தது. முன்பின் தெரியாத கடையிலிருந்து, பணத்தொகையோடு வருகிற மெயில், அது அங்கேதான் போகும். அனுப்புவதற்கு முன்பே "அங்க ஒரு மெயில் வரும், பாரு" என்று சொல்லி வைத்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "பெரியக்கா, பாதியெல்லாம் இல்ல. கால்தான் கேப்பேன், பொய் எழுதாதீங்க." பின்னால் அவர் மலையாளம் கலந்த தமிழில் ஏதோ கேட்கிற சத்தம். ஒப்புட்டு என்றால் போளியா என்று கேட்கிறாராம். ஆமாம் என்று சொல்லி, கடலைப்பருப்பைக் குழைய விடாமல் வேக வைக்கும் பக்குவத்தை எழுதி அனுப்பினேன். அதற்கு எழுத்துக் கணக்கெல்லாம் பார்க்கவில்லை.